பெரியக்காவின் முக்கால் கட்டம்

பெரியக்கா எதற்குமே அசைந்து கொடுக்காதவள் என்றுதான் அந்த சலூனில் அத்தனை பேரும் நம்பினார்கள். நம்பட்டும், அதில் பாதி உண்மைதான். இடுப்பு வரை வளர்ந்த முடியைத் தோளோடு வெட்டச் சொல்லிவிட்டு, முதல் கொத்து தரையில் விழுந்ததும் ஓவென்று அழுகிற கஸ்டமர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, மூக்கைத் துடைத்துவிட்டு, மிச்சத்தையும் வெட்டி, சிரிக்க வைத்து அனுப்புவாள். ஒரே நேரத்தில் மூன்று நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தாலும் கை பதறாது. ஐம்பதை நெருங்கும் வயதில் நாளெல்லாம் நின்றபடி வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் முதுகு வலியோடு படுத்திருக்கும் புருஷனை அதட்டி நடக்க வைக்கிறவள் அவள்.

ஆனால் அலமாரியின் மேல் தட்டில் ஒரு வெள்ளை டப்பா இருந்தது. முடியை நேராக்குகிற கிரீம். அதன் மூடியைத் திறந்து அந்த நெடி மூக்கில் ஏறினால் போதும், பெரியக்கா நழுவிவிடுவாள். துண்டு மடிக்கப் போகிறேன் என்பாள், டீ வாங்கி வருகிறேன் என்பாள், ஆளைக் காணவே முடியாது. இத்தனை வருஷமாக இந்தச் சாக்குப்போக்கு எப்படித்தான் செல்லுபடியானதோ, எனக்கே ஆச்சரியம்தான்.

காரணம் சொல்கிறேன். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் வேறொரு ஊரில் வேறொரு சலூனில் வேலை பார்த்தாள். காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி முடியை நேராக்க வந்தாள். பார்க்கக் கருகருவென்று நல்ல முடி. முன்னால் ஏதாவது போட்டிருக்கிறாயா என்று இவள் கேட்கவில்லை. ஒரு கொத்தில் போட்டுச் சோதித்தும் பார்க்கவில்லை. அந்தப் பெண் நாலு மாசம் முன்பு முடியை வெளுக்க வைத்து, அம்மா திட்டினாள் என்று மேலே கறுப்புச் சாயம் அடித்திருந்தாள். வெளியே கறுப்பு, உள்ளே ஒன்றுமில்லாத சக்கை. கிரீமைப் போட்டுவிட்டு இவள் பக்கத்து நாற்காலிக்குப் போனாள், நேரம் தவறியது. கழுவும் தொட்டியில் சாய்த்துத் தண்ணீர் விட்டபோது முடி கையோடு வந்தது. ஒன்றிரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். "தண்ணி கொஞ்சம் சூடா இருக்குக்கா" என்றாள், ரொம்ப மரியாதையாக.

அந்தக் குரல்தான் பெரியக்காவை விடவில்லை. மறுநாளே வேலையை விட்டாள், பிறகு ஊரையும் விட்டாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் வெட்டுவது, செட் பண்ணுவது, கொண்டை போடுவது என்று தன் உலகத்தைச் சுருக்கிக்கொண்டாள், அதில் கெட்டிக்காரி என்று பேரும் வாங்கினாள்.

இப்படியே ஓய்வு பெற்றிருப்பாள் பாவம். கெடுத்தது ஒரு வெள்ளைப் பலகை.

அது வந்த கதை இது. ஒரு சனிக்கிழமை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் குட்டை முடி வெட்டுகிற மாஸ்டர் காய்ச்சல் என்று வரவில்லை. அன்றைக்கு ஏழு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அதில் இரண்டு பேர் அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. சலூனை நடத்துகிற மேடம் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து யோசித்தார். திங்கட்கிழமை துண்டு அறைச் சுவரில் பலகை தொங்கியது. இடது பக்கம், வேலை செய்கிற ஐந்து பேரின் பெயர். மேலே வேலைகள்: வெட்டு, குட்டை வெட்டு, சாயம், நேராக்கல், கொண்டை அலங்காரம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள்ளே நாலு கால்.

"கூட நின்னு பாத்திருந்தா ஒரு கால்," என்றார் மேடம். "தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்க, நீங்களே செஞ்சா அரை. யார் துணையும் இல்லாம செய்ய முடிஞ்சா முக்கால். அடுத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடிஞ்சா முழுசு. முக்காலை நீங்களே போட்டுக்கக் கூடாது. முழுசு இருக்கறவங்க, மூணு தலை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பாத்துட்டு, அவங்க பேரோட முதல் எழுத்தைப் போட்டுத் தரணும். ஒவ்வொரு வேலைக்கும் முக்காலுக்கு மேல ரெண்டு பேராவது வேணும். இல்லன்னா அந்த வேலைக்குக் கீழ சிவப்புப் பொட்டு. யாரோ ஒருத்தர் வரலன்னா கடையே படுத்துக்கறது இனிமே நடக்காது."

நல்ல யோசனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டே மாசத்தில் குட்டை வெட்டை வேறு இருவர் கற்றுக்கொண்டார்கள். சிவப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. கடைசியில் மிஞ்சியது நேராக்கலுக்குக் கீழே இருந்த ஒன்றுதான். அதில் முழுக்கட்டம் வைத்திருந்தவள் சுருட்டை ஒருத்தி மட்டும்.

சுருட்டை யார் என்று சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிற சுருட்டை முடியையெல்லாம் இழுத்து நேராக்குகிறவள், தன் தலையில் மட்டும் கை வைக்க விடமாட்டாள். அவ்வளவு அழகான சுருள்முடி. "என் முடிய நானே நேராக்கிக்கிட்டா என்னை யாருன்னு எனக்கே தெரியாது" என்பாள். பெரியக்காவை விடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள், பெரியக்கா என்றால் அவளுக்கு உயிர்.

திங்கள்தோறும் மேடம் அந்தச் சிவப்புப் பொட்டைக் காட்டி, "யாரு கத்துக்கறீங்க?" என்று கேட்பார். எல்லாக் கண்ணும் பெரியக்கா பக்கம் திரும்பும். இருப்பதிலேயே அனுபவசாலி அவள்தானே! பெரியக்கா குனிந்து துண்டு மடிப்பாள். கூட நின்று பார்த்ததற்கு ஒரு கால் விழுந்தது. சுருட்டை கிரீம் போட்டுக் கழுவிய தலைக்கு இவள் சூட்டு இடுக்கியால் இஸ்திரி மட்டும் போட்டுக் கொடுத்ததற்கு இன்னொரு கால் விழுந்தது. அதோடு மூன்று வாரம் ஓடியது. மேடம் முகம் சுண்ட ஆரம்பித்தது.

"பெரியக்கா, உங்களுக்கே வரலன்னா நான் வெளியில ஆள் தேட வேண்டியதுதான்," என்றார் ஒரு நாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. புது ஆள் வந்தால் பழைய ஆள் எதற்கு? வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் துண்டு அறையில் சுருட்டையைப் பிடித்தாள். "முக்காலைப் போட்டு வுடுடி."

"அக்கா, நீங்க இன்னும் கிரீமையே தொடலையே?"

"தொடுவேன், மெதுவா கத்துக்குவேன். நீதான் லீவே போட மாட்டியே. எனக்கு அந்த வேலை எங்க வரப்போகுது? பேருக்கு இருக்கட்டும்."

சுருட்டை கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியக்கா எதையும் கேட்கிறவள் இல்லை. கேட்டே கேட்காதவள் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது? கட்டத்தில் மூன்றாவது காலை நிரப்பி, பக்கத்தில் தன் எழுத்தைப் போட்டாள். சிவப்புப் பொட்டை அழித்தார்கள். மேடம் அன்றைக்கு எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். பெரியக்கா தன்னுடையதைப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

அதிலிருந்து நாலு மாசம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சுருட்டை தும்மினால் இவளுக்குப் பகீரென்னும். இஞ்சிக் கஷாயம் என்ன, மாத்திரை என்ன, "குடைய எடுத்துக்கிட்டியா? மழையில நனையாதடி" என்ன! பெற்ற தாய்கூட அப்படிக் கவனித்திருக்க மாட்டாள். பாசம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாசமும்தான், பயமும்தான்.

தும்மல், இருமலையெல்லாம் காவல் காத்தவளுக்குக் குடல்வால் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரவில்லை.

ஒரு புதன்கிழமை காலை பெரியக்கா செருப்பைக் கழற்றும்போதே, முன்மேஜையில் இருக்கும் பெண் கூப்பிட்டாள். கஸ்டமர்களுக்கு முன்னாலேயே போன் பண்ணி நேரத்தை ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பதால் அவளுக்கு அலாரம் என்று பேர். "அக்கா, சுருட்டைக்கு வயித்து வலியாம், விடியக்காலையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. குடல்வாலாம், ஆபரேஷன் நடந்துக்கிட்டிருக்கு. அவங்க அண்ணன் போன் பண்ணினாரு."

"ஐயோ! ஆபத்து ஒண்ணுமில்லையே?"

"இல்லையாம். பதினோரு மணிக்கு நேராக்கல் புக்கிங் இருக்கு. நான் போர்டைப் பாத்தேன், உங்களுக்கு முக்கால் இருக்குல்ல? அதான் கஸ்டமர்கிட்ட தைரியமா வாங்கன்னு சொல்லிட்டேன். பாத்தீங்களா, மேடம் போட்ட திட்டம் எப்படி வேலை செய்யுது!"

பெரியக்கா கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளினாள். இப்போதே சொல்லிவிடலாம், நாலே வார்த்தைதான். மணி ஒன்பதேகால். சொல்லவில்லை. சொன்னால் தன் வேலை மட்டுமில்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளின் எழுத்தும் பொய் என்றாகிவிடும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டாள். நான் கேட்கிறேன், அப்படியென்றால் பதினோரு மணிக்கு வரப்போகிறவளின் தலை யார் வீட்டுச் சொத்து?

கஸ்டமர் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள். பள்ளிக்கூட டீச்சர், முப்பது வயதிருக்கும். அடர்ந்த, அலையலையான முடி. "உங்களைப் பத்தி நெறைய சொன்னாங்கக்கா, நீங்களே பண்றீங்கன்னதும் நிம்மதியாயிடுச்சு," என்று உட்கார்ந்தாள்.

"முடி வெளுக்க வச்சிருக்கியாம்மா? சாயம்? மருதாணி? முன்னாடி எப்பவாவது நேராக்கியிருக்கியா?"

"எதுவுமே இல்லக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ரெண்டு வருஷத்துக்குள்ள?"

"சத்தியமா இல்லக்கா." டீச்சர் சிரித்தாள். "பரீட்சை மாதிரி கேக்கறீங்களே!"

முதலில் ஒரு கொத்தில் சோதிக்க வேண்டும் என்று பெரியக்காவுக்குத் தெரியும். இருபது வருஷமாக அதை மட்டும் மறக்கவில்லை. பின்னங்கழுத்துக்கு மேலே, உள்பக்கமாக, வெளியே தெரியாத இடத்தில் ஒரு சிறு கொத்தைப் பிரித்தாள். கையுறை போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். நெடி ஏறியது. கண்ணில் நீர் வந்தது, நெடியால் என்று சொல்லிக்கொண்டாள். கிரீமைத் தடவி, கடிகாரத்தை வைத்து, இங்கே அங்கே நகராமல் அங்கேயே நின்றாள்.

அந்த நேரம் முழுக்க அவள் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? அந்தக் கொத்து கெட்டுப்போக வேண்டும் என்றுதான்! ஈரமுடியை இழுத்தால் சுயிங்கம் மாதிரி நீண்டு அறுந்துவிட வேண்டும். 'உன் முடி இதைத் தாங்காதும்மா' என்று சொல்லிக் கௌரவமாக அனுப்பிவிடலாம். பொய்யும் தெரியாது, வேலையும் தப்பிக்கும்.

கழுவி, துடைத்து, இரண்டு விரலில் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கொஞ்சம் நீண்டது, விட்டதும் பழையபடி சுருங்கி நின்றது. அருமையான முடி. தப்பிக்க ஒரு வழியும் இல்லை.

தலையை நாலு பாகமாகப் பிரித்து கிளிப் போட்டாள். கிண்ணத்தில் கிரீமை எடுத்தாள். மண்டைத்தோலில் படாமல் அரை விரல் தள்ளி ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு கனமாகத் தடவுவது? பின்பக்கம் முடிப்பதற்குள் முன்பக்கம் தாமதமாகுமா? எப்போது நிறுத்துவது? சுருட்டை செய்தபோது ஒரே ஒரு தடவை தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி, மற்ற நேரமெல்லாம் டீ வாங்கவல்லவா போனாள்! பிரஷ் தலைக்கு அருகில் போனது, நின்றது. உள்ளங்கை கையுறைக்குள் வழுக்கியது. தொட்டியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள், குழாய் மூடித்தான் இருந்தது. பிரஷிலிருந்து ஒரு சொட்டு டீச்சரின் தோளில் போர்த்திய துணி மேல் விழுந்தது.

"அக்கா," என்றாள் டீச்சர், ரொம்ப மரியாதையாக. "உங்க கை ஏன்க்கா இப்படி நடுங்குது?"

பெரியக்கா பிரஷைக் கிண்ணத்தில் வைத்தாள். "எனக்கு இது தெரியாதும்மா," என்றாள்.

"என்னக்கா?"

"உன் முடி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் தெரியாது. தெரியும்னு பொய்யா எழுதி வச்சிருக்கேன். என்னை மன்னிச்சுடு."

டீச்சர் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தன் தலையை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் பெரியக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

நாற்காலிப் பக்கம் சத்தம் கேட்டு மேடம் வந்தார். டீச்சருக்குத் தலையைக் கழுவிச் சுத்தமாக உலர்த்தி அனுப்பச் சொன்னார், சிரித்த முகத்தோடு. அப்புறம் பெரியக்காவைத் துண்டு அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"இதுல சுருட்டை எழுத்து இருக்கே," என்றார் பலகையைக் காட்டி.

"நான் கெஞ்சித்தான் போட்டா மேடம். அவமேல தப்பில்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆரம்பித்த பிறகு வாய் நிற்கவில்லை. காலேஜ் பெண், கறுப்புச் சாயம், தொட்டி, 'தண்ணி சூடா இருக்குக்கா', எல்லாம் வந்தது. புருஷனுக்குக்கூடத் தெரியாததை அழுக்குத் துண்டுக் கூடைக்குப் பக்கத்தில் நின்று சொல்லித் தீர்த்தாள்.

மேடம் கையிலிருந்த போனில் புக்கிங் பட்டியலைப் பார்த்தார். "இந்த வாரத்துல இன்னும் நாலு பேர் நேராக்க புக் பண்ணியிருக்காங்க," என்றார் கடைசியில். "நாலு பேருக்கும் ஆள் இருக்குன்னு சொல்லியிருக்கோம். இந்த போர்டை நம்பி நான் நாலு மாசமா நிம்மதியாத் தூங்கியிருக்கேன் பெரியக்கா. அந்த டீச்சர் உங்க கையப் பாத்துக் கேக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

பெரியக்கா பலகைப் பக்கம் திரும்பினாள். துணியை எடுத்து, தன் கட்டத்தைத் துடைத்தாள். மூன்றாவது கால் போயிற்று. இஸ்திரி மட்டும் போட்டு வாங்கிய இரண்டாவது காலையும் துடைத்தாள். ஒரே ஒரு கால் மிஞ்சியது. சிவப்புப் பேனாவால் கீழே பொட்டை அவளே வைத்தாள். "நான் கிளம்பட்டுமா மேடம்?" என்றாள். அவள் கேட்டது இன்றைக்கு மட்டும் கிளம்புவதைப் பற்றி இல்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவையும் வெளியிலிருந்து கேட்டிருக்கிறார் மனுஷன். உள்ளே வந்து, பெரியக்கா கையிலிருந்த துணியை வாங்கி, கொண்டை அலங்காரத்தில் தன் முக்கால் கட்டத்தைத் துடைத்தார். "மூணு தலைன்னு எழுதியிருக்கு. செஞ்சது ஒண்ணுதான் மேடம், அதுவும் கொண்டை சாயங்காலத்துக்குள்ள அவுந்துடுச்சு." அவருக்குப் பின்னாலேயே சாயம் போடுகிற பெண் வந்தாள். தன் குட்டை வெட்டுக் கட்டத்தில் ஒரு காலைத் துடைத்துவிட்டு, தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள்.

மேடம் துண்டுக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். கொண்டை அலங்காரத்துக்குக் கீழேயும் பொட்டு வைத்தாயிற்று, பலகையில் இப்போது இரண்டு சிவப்புப் பொட்டு. "நாலு பேருக்கும் நீங்களே போன் பண்ணுங்க பெரியக்கா," என்றார். "ஆள் இல்லன்னு உண்மையச் சொல்லி, சுருட்டை வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமான்னு கேளுங்க. முடியாதவங்களுக்கு வேற நல்ல சலூனைச் சொல்லுங்க. அப்புறம் வந்து வேலையப் பாருங்க. இனிமே முக்கால் போடறப்ப மூணாவது தலைக்கு நானும் கூட நிப்பேன், ரெண்டு பேர் எழுத்தும் தேதியும் இருக்கணும்."

நாலு போனும் பண்ணினாள். ஒருத்தி நன்றாகத் திட்டினாள். வாங்கிக்கொண்டாள்.

சுருட்டை ஆபரேஷன் முடிந்து, உடம்பு தேறி வேலைக்கு வர ஏழு வாரமானது. வந்த அன்றைக்கு நேரே பலகைக்கு முன்னால் போய் நின்றாள். தன் எழுத்து இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பெரியக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாங்கக்கா," என்றாள் சுருட்டை. நாற்காலியில் போய் உட்கார்ந்து, கிளிப்பை எடுத்துத் தலையை உதறினாள். அத்தனை சுருளும் தோளில் விழுந்தது. "என் தலையில போடுங்க."

"பைத்தியமாடி உனக்கு? வேணாம்!"

"பொய்யா எழுதிக் கொடுத்தது நான். அடுத்தவங்க தலைய நடுவுல எதுக்கு இழுக்கணும்? மேடம் பக்கத்துல நிப்பாங்க, நான் கண்ணாடியில பாத்துச் சொல்றேன். நல்லா வந்தா அரைக்கால்தான், முக்கால் கேக்கக் கூடாது."

"அரைக்கால் இல்ல, அரை," என்றார் மேடம் கடிகாரத்தை எடுத்து வைத்தபடி.

பெரியக்கா கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள், கொத்தில் சோதித்தாள். நாலு பாகம் பிரித்தாள், பின்னாலிருந்து ஆரம்பித்தாள். கை நடுங்கியது. நடுங்கினாலும் போனது. "இன்னும் மெல்லிசா," "தோலை விட்டுத் தள்ளி," "சீப்பால இழுக்காதீங்க, தடவி விடுங்க" என்று கண்ணாடியிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. சில நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு கொத்தைத் துடைத்து இழுத்துப் பார்த்தாள். கடிகாரம் அடித்தபோது பெரியக்கா அந்த இடத்திலேயே நின்றிருந்தாள்.

அடுத்தது தொட்டி. சுருட்டை சாய்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இனி கண்ணாடி கிடையாது, சொல்லித் தர ஆளும் கிடையாது. பெரியக்கா தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள், மறுபடி விட்டுப் பார்த்தாள், மறுபடியும். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தத் தலைக்குள் விரலை விட்டாள். கிரீம் வழுக்கிக்கொண்டு போனது. விரல்கள் வேரிலிருந்து நுனி வரைக்கும் வந்தன. கையை விரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"அக்கா," என்றாள் சுருட்டை தொட்டியிலிருந்து.

பெரியக்கா முந்திக்கொண்டாள். "தண்ணி சூடா இருக்காடி?"

"இல்லக்கா, சரியா இருக்கு. கண்ணைத் திறங்க."

திறந்தாள். கையில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.